கைதட்டினால் சுற்றும் டிரம்

எங்கள் பகுதித் தோல் தொழிற்சாலைகளில் நிறம் தவறிய தோல்களுக்கெல்லாம் இறுதியில் ஒரே புகலிடம்தான்: கறுப்பு. பழுப்பு திட்டுத்திட்டாக வந்துவிட்டால் அதன்மேல் கறுப்பை ஏற்றிவிடுவார்கள். நீலத்தில் பச்சை கலந்துவிட்டாலும் அதே கதிதான். கல்யாண வீட்டு வாசலில் வரிசையாகக் கழற்றிவைக்கப்பட்டிருக்கும் கறுப்புக் காலணிகளைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றில் பாதியாவது வேறு நிறமாகப் பிறக்க நினைத்தவை என்பாள் என் அக்கா. இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பதில்லை. அவளுக்கு அது தொழில்.

ஆம்பூரை அடுத்த ஒரு தொழிற்சாலையில், தோல்களைப் பரப்பி அளக்கும் பிரிவில் இருந்தவளைச் சாயப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குரிய படிப்பை அவள் முடித்துப் பல காலம் ஆகியிருந்தது. பெண்பிள்ளை சாயமேற்றும் டிரம் பக்கம் எதற்கு என்ற கேள்விதான் முடியாமல் இருந்தது. முதலாளி ஒப்புக்கொண்டார், அவருடைய மைத்துனரான மேனேஜர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். இத்தாலியிலிருந்து வந்திருக்கும் புதிய ஆர்டரின் பழுப்பு நிறம் முதல் லாட்டிலேயே பிசகில்லாமல் வரவேண்டும். கறுப்புக்குப் போனால் அக்காவும் அளவுப் பிரிவுக்குப் போகவேண்டும். வாங்கும் நிறுவனத்தின் பிரதிநிதியே நேரில் வந்து ஈரத் தோலைப் பார்க்கப்போகிறார். அந்தப் பழுப்புக்கு அவர்கள் ஏதோ சாராயத்தின் பெயரை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதை டீ கலர் என்றே சொன்னோம். அம்மா விசாரித்தபோது அது பாதுகாப்பாக இருந்தது.

நான் இலக்கிய மாணவி. விடுமுறைக்கு வந்திருந்தேன். ஆங்கிலம் படிப்பவள் என்பதால், அந்தப் பிரதிநிதிக்கான வரவேற்பு நிகழ்ச்சியில் மேனேஜரின் தமிழ்ப் பேச்சை விருந்தினருக்கு மொழிபெயர்த்துத் தரவேண்டும் என்று அழைத்திருந்தார்கள். அதிகம் பேசாதவள் என்று பெயர் எடுத்திருந்ததால் என்னைப் பொருத்தமானவளாகக் கருதியிருக்கலாம்.

மேனேஜரைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். நல்ல மனிதர், வணிகவியல் பட்டதாரி, உலகில் எதைப் பற்றியும் அவரிடம் ஒரு வீடியோ உண்டு. அந்த வாரம் அவர் காட்டிக்கொண்டிருந்தது, அவருடைய மகள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கிய வீடியோ. மேசைமீது இரண்டு கண்ணாடி டம்ளர்கள், ஒன்றில் குளிர்ந்த நீர், மற்றதில் வெந்நீர். சிறுமி இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு மை விடுகிறாள். குளிர்ந்த நீரில் மை சோம்பலாக அடிக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. வெந்நீரிலோ புகைபோல விரிந்து, சிறுமி பாடத்தை ஒப்பித்து முடிப்பதற்குள் டம்ளர் முழுவதும் நீலமாகிவிடுகிறது. மேனேஜர் இதைக் காவலாளி தொடங்கி வங்கி அதிகாரி வரை எல்லோருக்கும் காட்டினார். அக்காவுக்கு இரண்டு முறை காட்டினார். இரண்டாவது முறை ஒரு கருத்தையும் சேர்த்தார். வெந்நீரில் சாயம் தானாகவே பரவும்போது, மணிக்கணக்கில் டிரம்மைச் சுற்றி மின்சாரத்தை எதற்கு வீணாக்கவேண்டும்?

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்ததும் கைகழுவவில்லை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாயத்தூளைப் பார்த்துக்கொண்டே மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஒன்றில் வெந்நீர், மற்ற இரண்டில் குடத்துத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் நகத்தால் ஒரு துளி தூளைத் தட்டினாள். வெந்நீர் டம்ளர் வீடியோவில் வந்ததுபோலவே நடந்துகொண்டது. பழுப்பு நூல்கள் மேலும் கீழும் சுருண்டு ஓடின. முதல் குளிர்நீர் டம்ளரில் தூள் அடியில் ஒரு கறையாகப் படிந்தது. மூன்றாவதில் அவள் ஒரு கரண்டியை விட்டு இரண்டு சுற்று சுற்றினாள். கரண்டியை எடுப்பதற்குள் அந்த நீர் ஒரே நிறமாகிவிட்டது. வெந்நீர் டம்ளர் அப்போதும் நூல் நூற்றுக்கொண்டுதான் இருந்தது.

அவள் சொன்னதை நான் என் வழியில் புரிந்துகொண்டேன். நீரில் ஒரு சாயத்துகள் தானாக நகர்வது, தீபாவளிக்கு முந்தைய மாலையில் வேலூர் லாங் பஜாரில் ஒருவர் இடிபட்டுக்கொண்டே போவதைப் போன்றது. முன்னால் ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, அடுத்த இடியில் மீண்டும் பின்னால். எங்கும் போகாமல் நெடுநேரம் போய்க்கொண்டிருக்கலாம். இரண்டு மடங்கு தூரம் விலகுவதற்கு இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு. நீரைச் சூடாக்கினால் கூட்டம் அவசரப்படுகிறது, இடிகள் வேகமாக விழுகின்றன, பயணம் இரண்டு மூன்று மடங்கு விரைவாகிறது. அவ்வளவுதான். கலக்குவது வேறு கதை. அது கூட்டத்துக்குள் புகும் தள்ளுவண்டி. ஆட்களைக் கொத்தாக அள்ளிக்கொண்டு தெருவின் மறுகோடிக்கே போய்விடுகிறது. கரண்டி சுற்றச் சுற்றச் சாயம் நீண்டு, மடிந்து, மெல்லிய நூலிழைகளாகிறது. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி முடியளவுக்குக் குறைந்துவிட்ட பிறகு, ஒவ்வொரு துகளும் தானாகக் கடக்கவேண்டியது அந்த முடியளவுதான்.

அப்படியானால் வெந்நீர் டம்ளர் மட்டும் ஏன் அவ்வளவு வேகம் காட்டியது என்று கேட்டேன். அதுவும் கலக்கப்பட்ட டம்ளர்தான் என்றாள் அக்கா. மேலேயும் ஓரங்களிலும் ஆறுகிற நீர் கனத்துக் கீழே இறங்குகிறது, சூடாக இருப்பது மேலே ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கரண்டி அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. பரிசு அந்தக் கரண்டிக்குப் போயிருக்கவேண்டும். டிரம்முக்குள் அந்தக் கரண்டியும் கிடையாது. நின்றுபோன டிரம்மில் தோல்கள் மடிப்புமேல் மடிப்பாகக் குவிந்து கிடக்கும். நீருக்குப் புரள இடமிருக்காது. இன்னொன்றும் உண்டு. சூட்டில் சாயம் தோலைச் சட்டென்று பற்றிக்கொள்ளும். எந்த இடத்தை முதலில் தொட்டதோ அங்கேயே குடியேறிவிடும். மடிப்புக்குள் இருக்கும் தோலுக்கு அது வந்து சேராது. ஆகவே வெந்நீர் ஊற்றிவிட்டு டிரம்மை நிறுத்துவதைப்போல மோசமான காரியம் வேறில்லை.

மறுநாள் காலையிலும் தொடப்படாத குளிர்நீர் டம்ளரின் அடியில் கறை கறையாகவே இருந்தது. மேல்பாதி ஏறக்குறைய வெறும் தண்ணீர். அம்மா ஆராய்ச்சி முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

“ஏன்டி, இந்த மூணு டம்ளரும் இனிமே வூட்டுக்கு ஆவாது,” என்று மூன்றையும் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துவிட்டாள்.

நிகழ்ச்சி நாளன்று, மேனேஜர் மேடையைச் சாயப் பிரிவிலேயே போட்டிருந்தார். புதிதாக வாங்கிய டிரம்கள் அங்கேதான் இருந்தன. அவை புகைப்படத்தில் விழவேண்டும் என்பது அவர் ஆசை. ஒவ்வொரு டிரம்மும் படுக்கவைத்த மரப்பீப்பாய், உயரத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குறையாது. உள்ளே மரமுளைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். டிரம் சுற்றும்போது அவை தோல்களைத் தூக்கி மேலிருந்து நீரில் போடும். மறுபடி தூக்கும், மறுபடி போடும். நடுவில் உள்ள அச்சு உள்ளீடற்றது. ஓடுகிற டிரம்முக்குள் அதன் வழியாகத்தான் கரைத்த சாயத்தை ஊற்றுவார்கள். சத்தம் பலமாகத்தான் இருக்கும். பேசுபவர் கத்தவேண்டும், கேட்பவர் ஊகிக்கவேண்டும்.

இந்த டிரம்களின் அழகைப் புகைப்படத்தில் காட்டுவதற்காகப் போட்ட மேடையின் பின்னால், அந்த டிரம்களையே முற்றிலும் மறைத்தபடி ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் விருந்தினருக்கு வரவேற்பும், முதலாளியின் படமும், அதைவிடச் சற்றுப் பெரிதாக மேனேஜரின் படமும் இருந்தன.

அக்கா தன் லாட்டை விடியற்காலையிலேயே தொடங்கி, விருந்தினர் வருவதற்குள் முடித்துவிடுவதாகத் திட்டம். பாய்லர் அன்றைக்கென்று மெதுவாகச் சூடேறியது. விருந்தினரோ, சென்னையிலிருந்து வரும் சாலை காலியாக இருந்ததால், சொன்னதற்கு முன்பே வந்துவிட்டார். அச்சுக்குழாய் வழியாகக் கடைசி வாளிச் சாயம் உள்ளே போனதும் அவருடைய கார் வாசலில் நின்றதும் ஒன்றாக நடந்தன.

மேனேஜர் டிரம்மை நிறுத்தச் சொன்னார். அக்கா மறுத்தாள். நிகழ்ச்சியைச் சற்றுத் தள்ளிவைக்கலாம் என்றாள். அது நடக்காது, புகைப்படக்காரர் மதியம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்றார் அவர். மேடையை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றாள். பேனர் கட்டியாயிற்று. அதற்குமேல் அவள் ஏதோ தொடங்க, மேனேஜர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

“சார், வீடியோ வேணாம் சார். டிரம் நின்னா திட்டு வுழும்.”

“தண்ணி சூடாதானேம்மா இருக்குது? எம்பொண்ணு ஆறாங்கிளாஸ். அதுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரில. அரை மணி நேரம் ஊறட்டும், தானா பரவிடும். திட்டு வுழுந்தா அப்புறம் இருக்கவே இருக்குது கறுப்பு.”

அப்புறம் என்ன இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்: அளவுப் பிரிவு. டிரம் இயக்குபவர் சுவிட்சை அணைத்தார். அவர் மெலிந்த, எப்போதும் டீக்கு ஏங்கும் மனிதர். அக்காவை ‘மேடம்’ என்று அழைப்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. டிரம் ஒரு பெருமூச்சோடு நின்றது. உள்ளே தோல்கள் சரிந்து விழும் ஓசை கேட்டது. பிறகு அமைதி. அக்கா பேனரின் ஓரத்தில், எனக்குத் தெரியும்படி, சுவிட்சுப் பலகையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

விருந்தினர் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. அவருக்குச் சாமந்தி மாலையும் அதன்மேல் பட்டுச் சால்வையும் போட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் இரண்டையும் அவர் பொறுமையாகச் சுமந்தார். நான் அவர் காதோடு மொழிபெயர்த்துச் சொல்ல, மைக் இல்லாமல் அருகில் நின்றேன். தொழிலாளர்கள் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சுருக்கமாக வரவேற்றுவிட்டு அமர்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போது பேனருக்குப் பின்னால் டிரம் சுற்றத் தொடங்கியது.

இயக்குபவர் செய்த காரியம். பேச்சைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கைதட்டினார்கள் என்றால் முடிந்துவிட்டது என்று பொருள் கொண்டு சுவிட்சைப் போட்டுவிட்டார். ஒன்றிரண்டு சுற்று போயிருக்கும். கைதட்டல் தணிந்து, மேனேஜர் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்ப்பது தெரிந்ததும் அலறியடித்து அணைத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைதட்டலுக்குள் டிரம்மின் சத்தம் முழுவதும் மூழ்கிப்போயிருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் இயக்குபவரைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பி, துப்பட்டாவின் மறைவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை ஓசையின்றிச் சேர்த்துக்காட்டினாள்.

மொழிபெயர்ப்பில் நான் கறாரானவள். மூலத்தில் இல்லாத ஒரு காற்புள்ளியைக்கூடச் சேர்க்க எனக்கு மனம் வராது. கல்லூரியில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். மேனேஜர் பாலாற்றின் தொன்மையிலிருந்து தொடங்கினார். ஆற்காட்டு நவாபுகள் வந்தார்கள், அவர்களுடைய குதிரைகளின் சேணங்கள் வந்தன, அந்தச் சேணங்களின் தோல் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்ற ஆராய்ச்சி வந்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். இப்போது நான் நவாபுகளை ஆங்கிலத்தில் கொண்டுவரவேண்டும்.

பாய்லரைக் கவனித்துக்கொள்பவரின் மகளுக்கு அந்த மாதம் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னேன். அது உண்மைதான், மேனேஜர் மட்டும் சொல்லவில்லை. விருந்தினரின் முகம் மலர்ந்தது. அவர் கை தட்டினார். வெளிநாட்டு விருந்தினரே தட்டும்போது தட்டாமலிருப்பது மரியாதையல்ல என்று முதலாளி தட்டினார். முதலாளி தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். பேனர் லேசாக நடுங்கியது. டிரம் சுற்றியது.

நவாபுகளுக்கு இவ்வளவு வரவேற்பை மேனேஜர் எதிர்பார்த்திருக்கவில்லை. அவருடைய குரல் ஒரு படி உயர்ந்தது. ஏற்றுமதியின் வரலாற்றுக்குள் நுழைந்தார். நான் அதை, ஓரம் வெட்டும் பிரிவில் உள்ள பெண்கள் காலையிலிருந்து தங்கள் கையாலேயே தொடுத்த மாலையைத்தான் விருந்தினர் அணிந்திருக்கிறார் என்று மொழிபெயர்த்தேன். மீண்டும் கைதட்டல். உள்ளே தோல்கள் மேலேறி நீரில் விழும் ஓசையை, அதற்காகவே காத்திருந்ததால், என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது. கைதட்டல் ஓய்வதற்கு ஒரு நொடி முன்பு அக்கா கையைத் தாழ்த்துவாள், இயக்குபவர் அணைப்பார். மூன்றாவது முறைக்குள் அவர்கள் இருவரும் இதில் தேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் நான் எண்ணிப் பார்க்காத ஒன்று நடந்தது. கைதட்டல் மேனேஜரை வளர்த்தது. வாழ்நாளில் அவர் பேச்சுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு மனத்திலிருந்து பேசத் தொடங்கினார். காகிதத்தில் ஒரு முடிவு இருந்தது. மனத்தில் அப்படி எதுவும் இல்லை. நான் டிரம்மைச் சுற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் அது நின்றுகிடக்கவேண்டிய நேரம் நீண்டுகொண்டே போனது. அவரை முடிக்கவைக்கவேண்டும் என்றால் கைதட்டல் நிற்கவேண்டும். கைதட்டல் நின்றால் தோல் திட்டாகும். அக்காவின் பக்கம் பார்த்தேன். அவள் மீண்டும் உள்ளங்கைகளைச் சேர்த்தாள், இந்த முறை கோபமாக. காத்திருப்பதைவிடக் கலக்குவது மேல் என்ற அவளுடைய கொள்கையில் மாற்றம் ஏதும் இல்லை.

ஆகவே கலக்கினேன். கேண்டீனில் அன்று ஆம்பூர் பிரியாணி என்பதைச் சொன்னேன். ஓய்வுபெறப்போகும் காவலாளியைச் சொன்னேன். மேனேஜர் நம்பிக்கையின் மேன்மை பற்றி உருக்கமாகப் பேசியபோது, தொழிற்சாலையின் பூனை குட்டி போட்டிருப்பதைச் சொன்னேன். எல்லாம் சரிபார்க்கத்தக்க செய்திகள். பொய் சொல்லிவிடவில்லை என்ற நிம்மதியோடு என் மூலநூலைத் துண்டுதுண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

பூனைக்குட்டிகளின்போதுதான் விருந்தினர் என்னை நேராகப் பார்த்தார். உணர்ச்சி மேலிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தார். பூனைக்காக யாரும் அப்படித் துடைப்பதில்லை. கைகள் தட்டிக்கொண்டிருந்தபோதே தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார். கைதட்டல் நின்றது, அந்த எதுவோ நின்றது. அவர் பேனரைப் பார்த்தார். பிறகு சோதிப்பதுபோலத் தனியாக, மெதுவாக, மீண்டும் கை தட்டினார். முதலாளி தொடர்ந்தார், கூட்டம் தொடர்ந்தது. பேனர் நடுங்கியது. சால்வையின் நுனியைச் சரிசெய்த அவருடைய விரல்களை அப்போதுதான் கவனித்தேன். நகக்கண்களில் பழுப்பு ஏறியிருந்தது, அக்காவுக்கு இருப்பதைப்போலவே.

ஆங்கிலத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி, சாயம் உள்ளே போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். சூடாகவா? ஆமாம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதன்பின் அவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. மேனேஜர் ‘ஆனால்’ என்று தொடங்கினாலே தட்டினார். ஒரு கட்டத்தில் எழுந்து நின்றார். விருந்தினர் எழுந்தால் முதலாளி உட்கார்ந்திருக்க முடியாது. முதலாளி எழுந்தால் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலிகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. எல்லோரும் நின்றுகொண்டு தட்டினார்கள். விருந்தினர் நிறுத்தவேயில்லை. மேனேஜர் இரண்டுமுறை மைக்கை வாயருகில் கொண்டுபோய், பேச முடியாமல் தாழ்த்தி, கடைசியில் கண்கலங்கக் கும்பிட்டுவிட்டு அமர்ந்தார். மாலையும் சால்வையுமாக, கை தட்டிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிய விருந்தினர் பேனரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். டிரம் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

பின்னால் நான் போனபோது பழுப்பு நகங்கள் உடைய பெண்கள் இருவரும் ஓடும் டிரம்மின் அருகே, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல், கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இயக்குபவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இன்னாம்மா இது பேஜாரு. வுட்டு வுட்டு சுவிட்சு போட்டா மோட்டாரு புகைஞ்சிடும். சாரு பேச்சுக்கு இவ்ளோ கைதட்டா? நல்லாவா பேசுனாரு?”

பிற்பகலில் லாட்டை இறக்கினார்கள். அக்கா ஒவ்வொரு தோலாக மரக்குதிரை எனப்படும் தாங்கியின்மேல் விரித்துக்கொண்டே போனாள். மேனேஜர் தமக்குப் போட்ட மாலையின் வாசனையோடு பக்கத்தில் நின்றார். விருந்தினர் ஈரத் தோலைப் பிழிந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சாயம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தார். ஒரு சிறு துண்டைச் சூடான காற்றில் உலர்த்தி, தாம் கொண்டுவந்திருந்த மாதிரியோடு ஒட்டிவைத்தார். டீ கலர். ஒரே டீ கலர். குவியல் பாதி இறங்கியபோது என் மூச்சு சீராகத் தொடங்கியது.

அதற்குச் சற்றுக் கீழே இருந்த ஒரு தோலில் உள்ளங்கையளவு வெளிறல் இருந்தது. டிரம் முதன்முதலில் நின்றபோது எதனடியிலோ மடிந்துகிடந்திருக்கவேண்டும். முதலாளியின் வரவேற்புரை முடியும்வரை நீடித்த அந்தச் சிறு நேரம் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. மேனேஜர் இன்னும் அதைப் பார்த்திருக்கவில்லை. அக்கா அதைக் குவியலுக்குள் தள்ளிவிடலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அவள் அதை எடுத்து விருந்தினரின் முன்னால், வெளிறல் மேலே தெரியும்படி விரித்தாள்.

“பிளாக்?” என்றார் அவர்.

“பிளாக்,” என்றாள் அக்கா.

இருவரும் அந்த ஒன்றைத் தனியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். அதற்குப் பின் வந்தவற்றில் குறையில்லை. விருந்தினர் உலர்ந்த துண்டின் பின்புறத்தில் கையெழுத்திட்டு அக்காவிடம் கொடுத்தார், மேனேஜரிடமல்ல. ஆர்டர் முழுவதும் இதே கையால்தான் வரவேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லி, என்னைப் பார்த்து, இதை மட்டும் சொன்னபடியே மொழிபெயர்க்கச் சொன்னார். ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். நீண்ட நாள் பழக்கம் உடனே திரும்பிவிட்டது.

கார் போனபிறகு மேனேஜர் அக்காவிடம் வந்தார். அவர் கையில் கைப்பேசி இருந்தது.

“பாத்தியா? நான் சொன்னேன் இல்ல? சூடு மட்டும் கரெக்டா இருந்தா தானா பரவிடும். டிரம்மு நின்னுகினுதானே இருந்துச்சு?”

இயக்குபவருக்கு இருமல் வந்தது. நான் பேனரின் கயிற்றை ஆராய்ந்தேன். விளக்க வேண்டியதெல்லாம் அக்காவின் நாக்கில் இருந்தது என்பது எனக்குத் தெரியும்: மூன்று டம்ளர்கள், லாங் பஜார், கண்ணுக்குத் தெரியாத கரண்டி, ஒவ்வொரு கைதட்டலும்.

“ஆமா சார். தண்ணி நல்ல சூடு,” என்றாள். “ஒண்ணே ஒண்ணு சார். இனிமே இந்த டிரம்மு சுவிட்சை நான் சொல்லாம யாரும் அணைக்கக் கூடாது. நீங்களே ஒரு வார்த்தை எல்லார் கிட்டயும் சொல்லிடுங்க. நீங்க சொன்னாதான் எடுபடும்.”

அன்று அவருக்கு எதையும் மறுக்க முடியாத மனநிலை. அங்கேயே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். சற்று விரிவாகவே சொன்னார். முடித்துவிட்டு எதிர்பார்ப்போடு நின்றார். நாங்கள் தட்டினோம்.

அக்கா இப்போதும் சாயப் பிரிவில்தான் இருக்கிறாள். அளவுப் பிரிவைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. அந்த ஒற்றைத் தோல் கறுப்பாகி எந்தக் கல்யாண வீட்டு வாசலில் கிடக்கிறதோ தெரியாது. சென்ற விடுமுறையில் போனபோது இயக்குபவரைக் கேண்டீனில் பார்த்தேன். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பவுண்டரி அடிக்க, அரங்கம் கை தட்டியது. அவர் டீக் கிளாஸை வைத்துவிட்டுப் பாதி எழுந்துவிட்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து உட்கார்ந்தார்.

“எங்க கை தட்டுனாலும் கை சுவிட்சுக்குத்தாம்மா போவுது,” என்றார். “உங்க அக்கா கிட்ட சொல்லிடாத, என்ன வச்சு ஓட்டும்.”

சொன்னேன். அவள் டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்காமல் கரண்டியை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் குடித்தாள்.